செல்லத்தக்கதா, செல்லாததா, தவிர்தகு ஒப்பந்தமா? வணிகச் சட்டக் கதைக் கேள்விகள்

செல்லாத உடன்பாட்டுக்கும் தவிர்தகு ஒப்பந்தத்துக்கும் என்னதான் வித்தியாசம்? இரண்டிலும் கடைசியில் ஒப்பந்தம் போய்விடுகிறதே?

போவது உண்மைதான். எப்போது போகிறது, யார் சொல்லிப் போகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. செல்லாத உடன்பாட்டுக்குச் சட்டத்தின் முன் தொடக்கத்திலிருந்தே உயிர் கிடையாது. அதை யாரும் ரத்து செய்யத் தேவையில்லை, இரு தரப்பும் விரும்பினாலும் அதை நிலைநிறுத்தவும் முடியாது. தவிர்தகு ஒப்பந்தம் அப்படியல்ல. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 2-ல் அதற்குத் தரும் வரையறையைக் கவனித்துப் படியுங்கள்: ஒரு தரப்பின் விருப்பப்படி சட்டத்தால் நிறைவேற்றத்தக்கது, மறு தரப்பின் விருப்பப்படி அல்ல. அதாவது ஏமாற்றப்பட்டவர் வாய் திறக்கும் வரை அது முழு உயிரோடு இருக்கும் ஒப்பந்தம். அவர் விரும்பினால் விட்டுவிடலாம், விரும்பினால் பிடித்துக்கொள்ளலாம். ஏமாற்றியவருக்கு அந்த உரிமை இல்லை.

ஏமாற்றப்பட்டவர் வாய் திறப்பதற்கு முன் இருக்கும் அந்த இடைவெளிக்குள்தான் பெரும்பாலான கதைக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அந்த நேரத்தில் பொருள் கைமாறும், யாரோ மூன்றாமவர் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியிருப்பார். எனவே கதையைப் படிக்கும்போது யார் பொய் சொன்னார் என்பதோடு நிறுத்தாமல், எது எந்த நாளில் நடந்தது என்றும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

கார் விற்றவருக்கு வந்த செக் திரும்பிவிட்டது, கார் அதற்குள் வேறொருவரிடம் போய்விட்டது. காரை யார் வைத்துக்கொள்வார்?

கதையை முழுதாக எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் தன் காரை 4 லட்சம் ரூபாய்க்கு ஒருவருக்குத் திங்கட்கிழமை விற்கிறார். வந்தவர் செக் கொடுத்து, சாவியையும் காகிதங்களையும் வாங்கிக்கொண்டு போகிறார். அந்தக் கணக்கில் பணமே கிடையாது, போடும் எண்ணமும் அவருக்கு இருந்ததில்லை. புதன்கிழமை அதே காரை 3,80,000 ரூபாய்க்கு இன்னொருவரிடம் விற்றுவிடுகிறார். வாங்கியவருக்கு முந்தைய கதை எதுவும் தெரியாது. வியாழக்கிழமை செக் திரும்புகிறது. அன்றே உரிமையாளர் 'ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டேன்' என்று அறிவிப்பு அனுப்புகிறார்.

முதல் படி, திங்கட்கிழமை நடந்தது என்ன வகை? நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் தரும் வாக்குறுதி பிரிவு 17-ன்படி மோசடி. மோசடியால் பெற்ற சம்மதம் இருந்தால் பிரிவு 19-ன்படி ஒப்பந்தம் ஏமாந்தவரின் விருப்பப்படி தவிர்தகு. செல்லாதது அல்ல. உரிமையாளர் இந்த ஆளுக்கு, இந்தக் காரை, இந்த விலைக்கு விற்க நிஜமாகவே சம்மதித்தார். அந்தச் சம்மதம் கிடைத்த வழிதான் கெட்டது.

இரண்டாவது படி, புதன்கிழமை அந்த ஒப்பந்தம் எந்த நிலையில் இருந்தது? உயிரோடு இருந்தது. வியாழன் வரை உரிமையாளர் முறிக்கவில்லை.

மூன்றாவது படிக்கு 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்துக்குப் போக வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டுத் தேர்வுக்கு வருபவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் பிரிவு 29 சொல்வது இதுதான்: பொருளை வைத்திருப்பவர் அதைத் தவிர்தகு ஒப்பந்தத்தின் வழியாகப் பெற்றிருந்து, அவர் மறுபடி விற்கும் நேரத்தில் அந்த ஒப்பந்தம் முறிக்கப்படாமல் இருந்தால், நல்லெண்ணத்தோடும் குறை தெரியாமலும் வாங்கியவருக்கு நல்ல உரிமை கிடைக்கும். ஆகவே கார் புதன்கிழமை வாங்கியவருக்கே. உரிமையாளர் 4 லட்சத்துக்கு ஏமாற்றியவரைத்தான் துரத்த வேண்டும்.

இப்போது ஒரு நாளை மட்டும் மாற்றுவோம். செக் செவ்வாய்க்கிழமையே திரும்பி, முறிவு அறிவிப்பும் அன்றே ஏமாற்றியவர் கையில் சேர்ந்திருந்தால், புதன்கிழமை வாங்கியவருக்குப் பிரிவு 29-ன் பாதுகாப்பு இல்லை. அவர் நல்லவர்தான், பணமும் கொடுத்தவர்தான். இருந்தும் அவருக்கு விற்றவரிடம் அப்போது விற்க உரிமை மிச்சமில்லை.

நல்லெண்ணம் என்பதை ஒரு வார்த்தையாகக் கடந்துவிடாதீர்கள். 4 லட்சம் பெறும் காரை ஒன்றரை லட்சத்துக்கு, பதிவுச் சான்றிதழைக் கூடப் பார்க்காமல் இரவோடு இரவாக வாங்கியவர் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்றால் நீதிமன்றம் எளிதில் நம்பாது. கேள்வித்தாளில் விலை கொடுக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் சும்மா கொடுக்கப்படவில்லை.

செக் திரும்பினாலே மோசடி என்று எழுதிவிடலாமா?

கூடாது. மேலே உள்ள கதையில் 'போடும் எண்ணமும் அவருக்கு இருந்ததில்லை' என்ற வாக்கியம்தான் விடையைத் தீர்மானித்தது. சம்பளம் வந்துவிடும் என்று நம்பி செக் கொடுத்து, சம்பளம் தாமதமாகி, செக் திரும்பினால் அது வாக்கு மீறல். அந்த ஒப்பந்தம் செல்லத்தக்கதாகவே இருக்கும். விற்றவர் விலைக்கு வழக்குப் போடலாம், செக் திரும்பியதற்கான தனி நடவடிக்கையும் எடுக்கலாம், ஆனால் மோசடி என்று சொல்லி ஒப்பந்தத்தையே கலைக்க முடியாது.

வாக்குறுதி கொடுத்த அந்த நொடியில் மனதில் என்ன இருந்தது என்பதே அளவுகோல். மனதைப் பார்க்க முடியாது என்பதால் சுற்றியுள்ள செயல்களைப் பார்ப்பார்கள். எப்போதோ மூடிவிட்ட கணக்கின் செக்கா? பொய் முகவரியா? பொருள் கைக்கு வந்ததும் வாங்கியதைவிடக் குறைந்த விலைக்கு அவசரமாகத் தள்ளிவிட்டாரா? கதையில் இப்படி ஒரு குறிப்பும் இல்லையென்றால் மோசடி என்று நீங்களாகச் சேர்த்து எழுதாதீர்கள். 'எண்ணம் நிரூபிக்கப்பட்டால் தவிர்தகு, இல்லையேல் செல்லத்தக்கது' என்று இரு கிளையாகப் பிரித்து எழுதுவதே நேர்மையான விடை.

ஏமாற்றியவர் தலைமறைவு. முறிவை யாரிடம் போய்த் தெரிவிப்பது?

ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 66, முன்மொழிவைத் தெரிவிக்கும் அதே முறையிலும் அதே விதிகளுக்கு உட்பட்டும் முறிவைத் தெரிவிக்கலாம் என்கிறது. சாதாரண நிலையில் அது மறு தரப்புக்குப் போய்ச் சேர வேண்டும். ஆள் ஓடிவிட்டால் அது நடக்காத காரியம்.

இங்கிலாந்தில் கால்டுவெல் வழக்கு இதற்காகவே பேசப்படுகிறது. 1960 ஜனவரியில் கால்டுவெல் தன் ஜாகுவார் காரை விற்றார். மறுநாள் செக் திரும்பியது. வாங்கியவரைக் காணவில்லை. அவர் உடனே காவல் துறையிடமும் வாகன ஓட்டிகள் சங்கத்திடமும் புகார் சொன்னார். அதன் பிறகுதான் கார் கைமாறியது. ஏமாற்றியவர் வேண்டுமென்றே கண்ணில் படாமல் இருக்கும்போது, தன்னால் முடிந்த வெளிப்படையான செயலைச் செய்து முறிவை அறிவித்தாலே போதும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. கார் உரிமை கால்டுவெலிடமே திரும்பியதாகத் தீர்ந்தது.

நம் நீதிமன்றங்களை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, அவை வழிகாட்டலாக எடுத்துக்கொள்ளலாம். தேர்வு விடையில் முதலில் பிரிவு 66-ஐச் சொல்லி, பிறகு இந்த வழக்கைச் சொல்லுங்கள், வரிசையை மாற்றாதீர்கள். நிஜ வாழ்க்கையில் மாட்டிக்கொண்டவருக்கு: தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபால், தெரிந்த எண்ணுக்குச் செய்தி, காவல் நிலையத்தில் புகார், மூன்றையும் ஒரே நாளில் செய்து ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது நல்லது. நேரம்தான் பிற்பாடு சண்டைக்கு வரும்.

வாங்க வந்தவர் தன்னை வேறொருவர் என்று சொல்லி ஏமாற்றினால் அது செல்லாததா, தவிர்தகுவா?

இதுதான் இந்தப் பாடத்திலேயே சுவையான இடம். ஆள் மாறாட்டமும் மோசடிதான், ஆனால் சில சமயம் மோசடியையும் தாண்டி, சம்மதமே உருவாகவில்லை என்ற நிலைக்குப் போய்விடுகிறது. அப்போது உடன்பாடு செல்லாதது, மூன்றாமவருக்கு எதுவும் கிடைக்காது.

1878-ல் பிரபுக்கள் சபை தீர்த்த கண்டி எதிர் லிண்ட்சே வழக்கைப் பாருங்கள். லண்டனின் வுட் தெருவில் பிளென்கிரான் என்ற பெயரில் ஒரு நல்ல நிறுவனம் இருந்தது. அதே தெருவில் அறை எடுத்துக்கொண்ட பிளென்கார்ன் என்பவர், தன் கையெழுத்து பிளென்கிரான் போலவே தெரியும்படி எழுதி, பெல்ஃபாஸ்டில் இருந்த லிண்ட்சே நிறுவனத்திடம் கைக்குட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். அவர்கள் தமக்குத் தெரிந்த நிறுவனம் என்று நம்பி அனுப்பினார்கள். பிளென்கார்ன் அதில் 250 டஜனைக் கண்டி என்பவருக்கு விற்றார், கண்டிக்கு எதுவும் தெரியாது. லிண்ட்சேக்காரர்கள் பிளென்கார்னைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை, அவரோடு ஒப்பந்தம் செய்ய அவர்கள் ஒருபோதும் நினைக்கவில்லை. எனவே ஒப்பந்தமே இல்லை, கண்டிக்கு உரிமையும் இல்லை என்று தீர்ப்பானது.

1919-ன் ஃபிலிப்ஸ் எதிர் புரூக்ஸ் வழக்கில் ஏமாற்றியவர் நேரில் நகைக்கடைக்கு வந்தார். முத்துகளும் ஒரு மோதிரமும் எடுத்து, 3,000 பவுண்டுக்கு செக் எழுதிக்கொண்டே 'நான் சர் ஜார்ஜ் புல்லோ' என்று ஒரு பிரமுகரின் பெயரைச் சொன்னார். கடைக்காரர் முகவரிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மோதிரத்தைக் கொடுத்தனுப்பினார். அது அடகுக்கடையில் 350 பவுண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. கடைக்காரர் தன் எதிரே நின்ற மனிதருக்குத்தான் விற்றார். அந்த மனிதரின் பெயரையும் பண பலத்தையும் பற்றித்தான் ஏமாந்தார். ஆகவே தவிர்தகு ஒப்பந்தம், அதை முறிக்கும் முன் அடகு வாங்கியவருக்கு மோதிரத்தில் நல்ல உரிமை.

கடிதம் வழியே குறிப்பிட்ட ஒருவரை மனதில் வைத்து ஒப்புக்கொண்டால் செல்லாதது, நேருக்கு நேர் என்றால் பெரும்பாலும் தவிர்தகு. எனக்குத் தோன்றுவது, இந்தக் கோடு தர்க்கத்தில் அவ்வளவு உறுதியானதல்ல. முகவரிப் புத்தகத்தைப் புரட்டியவருக்கு 'எதிரே நிற்பவர்' மட்டும்தான் முக்கியமா என்று கேட்கத் தோன்றும். ஆனாலும் பரீட்சையில் இந்தக் கோட்டில் நின்றுதான் விடை எழுத வேண்டும்.

விற்பவர் பொய் சொல்லவில்லை, குறையைச் சொல்லாமல் மட்டும் இருந்தார். அதுவும் மோசடியா?

வெறும் மௌனம் மோசடியல்ல. பிரிவு 17-ன் விளக்கக் குறிப்பிலேயே ஒரு குதிரை வருகிறது. உடல்குறை உள்ளது என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் குதிரையை விற்கிறார், எதுவும் சொல்லவில்லை. மோசடி இல்லை, ஒப்பந்தம் செல்லத்தக்கது. அதே குதிரையை அப்போதுதான் வயதுக்கு வந்த தன் மகளுக்கு விற்றால், அந்த உறவே பேசும் கடமையை உண்டாக்குகிறது. இன்னொரு நிலையில், வாங்குபவர் 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்' என்கிறார், விற்பவர் வாயை மூடிக்கொள்கிறார். இங்கே மௌனம் பேச்சுக்குச் சமம்.

மோசடியான மௌனம் என்று முடிவானாலும் வேலை முடியவில்லை. பிரிவு 19-ல் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உண்மையைச் சாதாரணக் கவனத்தோடு கண்டுபிடிக்கும் வழி வாங்குபவரிடம் இருந்திருந்தால், மௌனத்தாலோ, உண்மை என்று நம்பியே சொன்ன தவறான எடுத்துரைப்பாலோ வந்த சம்மதத்தைக் காட்டி அவர் ஒப்பந்தத்தைத் தவிர்க்க முடியாது. வாய்திறந்து சொன்ன பச்சைப் பொய்க்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. 'நீ சரிபார்த்திருக்கலாமே' என்று பொய் சொன்னவர் தப்பிக்க முடியாது. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டு, எல்லா மோசடிக்கும் விதிவிலக்கைப் போட்டுவிடும் விடைத்தாள்கள் ஏராளம்.

பொய்க்கும் சம்மதத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதும் இதே பிரிவில் வருகிறது. ஆண்டுக்கு 500 மணங்கு அவுரி தயாராகிறது என்று தொழிற்சாலைக்காரர் தவறாக நம்ப வைக்கிறார். வாங்குபவர் கணக்கைப் பார்க்கிறார், 400 மணங்குதான் என்று தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் வாங்குகிறார். ஒப்பந்தம் தவிர்தகு அல்ல, அவரை வாங்க வைத்தது அந்தப் பொய் அல்ல.

18 வயது நிரம்பாதவர் வயதைப் பொய் சொல்லிக் கடன் வாங்கினால், இளவருக்கு மட்டும் சாதகமான தவிர்தகு ஒப்பந்தம்தானே?

இல்லை, முற்றிலும் செல்லாதது. 1903-ல் பிரைவி கவுன்சில் மோகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது. இளவரான தர்மதாஸ் 20,000 ரூபாய்க்கு வீட்டை அடமானம் எழுதிக் கொடுத்தார். அவர் இளவர் என்பது கடன் கொடுத்தவரின் முகவருக்கு முன்பே தெரியும். பிரிவு 11-ன்படி ஒப்பந்தம் செய்யும் தகுதியே இல்லாதவரின் உடன்பாட்டில் ஒப்பந்தம் பிறப்பதில்லை, எனவே தவிர்தகு என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது தீர்ப்பு. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டதையும் ஏற்கவில்லை, திருப்பிக் கொடுக்கும் கடமையைச் சொல்லும் பிரிவுகள் 64, 65 தகுதியுள்ளவர்களுக்கு இடையிலானவை என்றது.

மேஜரான பிறகு பழைய உடன்பாட்டை உறுதிப்படுத்தலாமா என்று அடுத்த கேள்வி வரும். இல்லாத ஒன்றை உறுதிப்படுத்த முடியாது. புதிய மறுபயனோடு, அதாவது வாக்குறுதிக்கு ஈடாகப் புதிதாக ஒன்றைப் பெற்று, புது ஒப்பந்தம்தான் போட வேண்டும்.

இப்போது காரின் கதைக்கு இதைப் பொருத்துங்கள். கார் உரிமையாளர் இளவர், வாங்கியவர் அதை நல்லெண்ணமுள்ள மூன்றாமவருக்கு விற்றுவிட்டார். பிரிவு 29 தவிர்தகு ஒப்பந்தங்களுக்குத்தான் பேசுகிறது. இங்கே முதல் விற்பனையே செல்லாதது என்பதால் மூன்றாமவர் அந்தப் பிரிவைக் காட்டி நிற்க முடியாது.

'கையெழுத்துப் போடாவிட்டால் செத்துப்போவேன்' என்று மிரட்டி வாங்கிய பத்திரம் செல்லுமா?

தவிர்தகு என்பதே சென்னை உயர் நீதிமன்றம் 1917-ல் சிக்கம் அமிராஜு எதிர் சிக்கம் சேஷம்மா வழக்கில் பெரும்பான்மையாகச் சொன்னது. கணவர் தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி, மனைவியும் மகனும் தம் உரிமையைத் தன் சகோதரருக்கு விட்டுக்கொடுத்து எழுதும்படி செய்தார். இந்திய தண்டனைச் சட்டம் தடை செய்த செயலைச் செய்வதாக மிரட்டுவது பிரிவு 15-ன்படி வற்புறுத்தல். தற்கொலை செய்துகொண்டவரைத் தண்டிக்க முடியாது என்றாலும், முயற்சியைச் சட்டம் தண்டித்ததால் செயலும் தடை செய்யப்பட்டதே என்று வாதம் போனது. ஒரு நீதிபதி இதை ஏற்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய பிரிவு 309 அதில் இல்லை. எனவே 1917-ன் வாதம் நின்ற தரை இப்போது தளர்ந்திருக்கிறது. வழக்கை மட்டும் ஒப்பித்து நிறுத்தாமல் இந்த மாற்றத்தையும் ஒரு வரியில் சொல்லி, குடும்ப உறவின் அழுத்தத்தைப் பிரிவு 16-ன் தகாத செல்வாக்காகவும் வாதிடலாம் என்று எழுதினால் விடை உயரும். அதன்படி போனாலும் முடிவு தவிர்தகுவாகவே இருக்கும், பிரிவு மட்டும் 19-ஏ ஆக மாறும்.

ஏமாந்தவர் எவ்வளவு நாள் யோசிக்கலாம்? வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

முறிப்பவர், அந்த ஒப்பந்தத்தால் மறு தரப்பிடமிருந்து பெற்ற பயனை முடிந்த அளவு திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 64. காருக்கு முன்பணம் 50,000 ரூபாய் வாங்கியிருந்தால், காரைத் திரும்பக் கேட்பவர் அந்த 50,000-ஐக் கையில் வைத்துக்கொள்ள முடியாது, எதிராளி மோசடிக்காரர் என்றாலும்.

ஒப்பந்தத்தை முறிப்பதற்கான வழக்குக்கு 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 3 ஆண்டு தருகிறது, உண்மை தெரிந்த நாளிலிருந்து கணக்கு. ஆனால் அந்த 3 ஆண்டும் சும்மா காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. உண்மை தெரிந்த பிறகும் பொருளைப் பயன்படுத்துவது, பாக்கித் தவணையை வாங்கிக்கொள்வது போன்ற செயல்கள் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாகவே படும். ஏற்றுக்கொண்டதை மறுபடி முறிக்க முடியாது. கேள்வியில் 'உண்மை தெரிந்த பிறகும் இரண்டு தவணை வாங்கினார்' என்று ஒரு வரி வந்தால், தொடக்கத்தில் தவிர்தகுவாக இருந்தது அந்த வரியோடு செல்லத்தக்கதாக மாறிவிட்டது என்று எழுதுங்கள்.